போதகரைக் குறித்து ஒரு பிராது



நம்முடைய சபைகளில் பலர் அறிந்தும் எவரும் வாய்திறந்து பேசாத ஒரு காரியத்தைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். ஒரு போதகர் தம்முடைய விசுவாசிகளிடம் மீண்டும் மீண்டும் கடுமையாகப் பேசுகிறார். அதிலே விபசாரம் இல்லை, பண மோசடி இல்லை, உபதேசக் கள்ளமும் இல்லை. நாவு மாத்திரம் கட்டுப்படவில்லை. சொந்த ஊரிலே இருந்தால் அடுத்த தெருவிலுள்ள சபைக்குப் போய்விடலாம். மும்பையிலோ, புனேயிலோ, சூரத்திலோ வாழுகிற ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு இரண்டு ரயில் மாறினாலொழிய அடுத்த தமிழ்ச் சபை கிடையாது. ஆகையால் அவர்கள் சகித்துக்கொண்டே இருக்கிறார்கள்; ஒரு நாள் ஒருவரிடமும் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றுபோகிறதற்கு முன்னே, அந்தப் போதகருக்கு மேலே இருக்கிறவர்களுக்கு முறையாக எழுதலாம். எப்படி எழுதுவது என்பதே என் பொருள்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் குறித்து எழுதலாமா, ஐயா?" என்று உங்களில் சிலர் இப்பொழுதே கேட்பீர்கள். 105ஆம் சங்கீதத்தின் அந்த வசனத்தைச் சொல்லியே பல வாய்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. அது அந்நிய தேசங்களில் பரதேசிகளாய்த் திரிந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிப்பு. தாவீதைப் பாருங்கள். என்கேதியின் குகையிலே சவுலின்மேல் கைபோட அவன் மறுத்தான். ஆனாலும் அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையிலே பிடித்துக்கொண்டு, நடந்தது இன்னதென்று சவுலின் முகத்துக்கு நேரே சொன்னான் (1 சாமுவேல் 24). பவுலும் 1 தீமோத்தேயு 5:19இல் மூப்பருக்கு விரோதமான பிராது வரவே கூடாது என்று எழுதவில்லை. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ளாதே என்றே எழுதுகிறார். சாட்சிகளோடு வருகிற பிராதுக்கு வேதமே வழி வைத்திருக்கிறது.

சில ஆண்டுகள் நான் பிரஸ்பிட்டர் பொறுப்பில் இருந்தேன். அந்நாட்களில் என் மேஜைக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மறக்க முடியவில்லை. ஒரே மனிதர் ஒரே காரியத்தைக் குறித்து இரண்டு முறை எழுதினார். முதற்கடிதம் எதற்கும் உதவவில்லை. இரண்டாவது கடிதம் ஒரு தாயாரைச் சபைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒருவரும் அடையாளம் காணாதபடி நாட்களையும் சில விவரங்களையும் மாற்றி இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சகோதரர் மும்பைப் புறநகர் ஒன்றிலே, ஷிப்ட் முறையில் மெஷின் ஆபரேட்டராக வேலை செய்கிறவர். தகப்பனார் மரித்தபின் 68 வயதான தாயாரைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தம்மிடம் அழைத்து வந்திருந்தார். அந்தத் தாயாருக்கு முழங்கால் வலி. காதும் சற்று மந்தம். இந்தி ஒரு வார்த்தையும் தெரியாது. வாரம் முழுவதும் நான்கு சுவருக்குள் இருக்கிற அவருக்கு ஞாயிறு ஆராதனை ஒன்றே வெளியுலகம். அவர் திடீரென்று சபைக்கு வர மறுத்துவிட்டார்.

மகன் எழுதிய முதற்கடிதம் முழுநீளத் தாளில் நான்கு பக்கம். போதகர் பெருமை பிடித்தவர், அன்பில்லாதவர், பணக்காரர் வீடுகளுக்கு மாத்திரம் போகிறவர் என்று அதில் இருந்தது. சபை முழுவதும் கண்ணீர் வடிக்கிறது என்று இருந்தது. காணிக்கைக் கணக்கிலும் ஏதோ இருப்பதாக ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றும், அவரிடம் இருப்பது வேறோர் ஆவி என்றும் எழுதியிருந்தார். தாயாருக்கு நடந்தது மூன்றாம் பக்கத்தின் நடுவிலே இரண்டே வரிகளில் வந்தது: "என் தாயாரை எல்லார் முன்பாகவும் அவமானப்படுத்தினார்." எந்த நாளில், எந்த வார்த்தையால் என்பது இல்லை.

அந்தக் கடிதத்தை நான் போதகரிடம் காட்டினால் என்ன நடக்கும் என்று சிந்தியுங்கள். அவர் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கொண்டுவந்து என் முன்னே வைப்பார். கணக்கு சரியாகவே இருக்கும். சென்ற மாதம் தாம் சந்தித்த ஏழைக் குடும்பங்களின் பட்டியலையும் வைப்பார், அதுவும் உண்மையாயிருக்கும். கண்ணீர் வடிக்கிற சபை எங்கே என்று கேட்பார். ஒருவரும் முன்வர மாட்டார்கள். இப்படி மூன்று குற்றச்சாட்டுகள் விழுந்தபின், அந்த இரண்டு வரிகளும் கூடவே விழுந்துபோம். நிரூபிக்க முடியாத ஒவ்வொரு வாக்கியமும், பிராதுக்கு உட்பட்டவர் காலூன்றி நிற்பதற்கு நீங்களே போட்டுக் கொடுக்கிற கல் என்பதை அன்றைக்கு நான் கண்டுகொண்டேன்.

நான் அவரைக் கூப்பிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "தம்பி, உங்கள் போதகருடைய உள்ளத்திலே என்ன இருக்கிறது என்பதை எழுதாதிருங்கள், அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருடைய வாயிலிருந்து வந்ததை எழுதுங்கள்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் என் தாயாரின் கண்ணீர் பொய்யா, ஐயா?" என்று கேட்டார். கண்ணீர் மெய், ஆனால் அந்தக் கண்ணீர் எதனால் வந்தது என்பதை நானும் பார்க்க வேண்டாமா? மூன்று வாரங்களுக்குப் பின் அவர் கொண்டுவந்த கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இவ்விதமாக இருந்தது:

"பிப்ரவரி 9, ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் சுமார் 12.45 மணிக்கு, என் தாயார் முழங்கால் வலிக்காக ஜெபிக்கும்படி ஜெப வரிசையில் நின்றார். போதகர் ஐயா, 'வாராவாரம் இதே முழங்கால்தானா? உங்களுக்கு வேறே வேலை இல்லையா?' என்று சொல்லி, ஜெபிக்காமல் அடுத்தவரிடம் போனார். என் மனைவி பக்கத்தில் நின்றாள்.

"மார்ச் 14, வெள்ளி, வீட்டு ஜெபக் கூட்டத்திற்கு நாங்கள் 20 நிமிடம் தாமதமாக வந்தோம். தாமதம் எங்கள் தவறே. ஐயா பிரசங்கத்தை நிறுத்தி, 'கம்பெனிக்கு மட்டும் நேரத்துக்குப் போவீர்கள். ஆண்டவருக்கு என்றால் இப்படித்தான்' என்று சொன்னார்கள். சுமார் 15 பேர் இருந்தார்கள். பின்பு என் தாயாரைப் பார்த்து, 'வயதானவர்களே இப்படி இருந்தால் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்' என்றார்கள்.

"ஏப்ரல் 6, ஞாயிறு, படிக்கட்டின் அருகே, பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்று என் தாயார் ஐயாவிடம் சொன்னார்கள். 'காது கேளாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்' என்று ஐயா பதில் சொன்னதாகத் தாயார் என்னிடம் சொன்னார்கள். நான் அருகில் இல்லை. வாசலில் நின்ற சகோதரர் இருந்தார்.

"ஏப்ரல் 12 அன்று நான் தனியே ஐயாவின் வீட்டிற்குப் போய் இதைப் பேசினேன். 'நான் எல்லாரிடமும் இப்படித்தான் பேசுவேன். நீங்கள் பெரிதுபடுத்தக் கூடாது' என்றார்கள். 27ஆம் தேதி ஒரு மூத்த சகோதரரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அப்பொழுதும் அதே பதில். ஏப்ரல் 6க்குப் பின் என் தாயார் ஆராதனைக்கு வரவில்லை.

"என் இளைய மகன் பிறந்தபோது ஐயா இரவு முழுவதும் மருத்துவமனையில் எங்களோடு இருந்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை."

மொத்தம் ஒன்றரைப் பக்கம். வாசகர்களே, இந்தக் கடிதத்திலே பெருமை என்ற சொல் இல்லை. அவமானம் என்ற சொல்லும் இல்லை. வாசிக்கிறவர் தாமே தீர்மானிக்கும்படி எழுத்து ஒதுங்கி நிற்கிறது. 3 யோவானைத் திறந்து பார்த்தால் அப்போஸ்தலனும் இவ்விதமே செய்கிறதைக் காணலாம். தியோத்திரேப்பு முதன்மையை விரும்புகிறவன் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அவன் செய்தவைகளை வரிசையாக வைக்கிறார்: அலப்புகிறான், சகோதரரை ஏற்றுக்கொள்ளுகிறதில்லை, ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களைத் தடுக்கிறான், சபைக்குப் புறம்பாக்குகிறான். அந்த முதற்சொல்லைச் சொல்லும் அதிகாரம் அப்போஸ்தலனுக்கு இருந்தது. நமக்கோ வரிசை மாத்திரம் போதும்.

பேசிய வார்த்தையை அப்படியே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சபைகளிலே நாகர்கோவில்காரரும், வடாற்காட்டாரும், மதுரையாரும், கோவையாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். "என்னடே" என்பது ஓர் ஊரில் பாசம். மற்றோர் ஊரில் அடி. சில பிராதுகளைக் கிளறிப் பார்த்தபோது, அங்கே குற்றம் ஒன்றும் இல்லை, ஊர்ப்பேச்சு மாத்திரமே இருந்தது. "மரியாதையில்லாமல் பேசினார்" என்று நீங்கள் எழுதினால் அந்த வித்தியாசம் மறைந்துபோம். வார்த்தையை எழுதினால், அது வட்டார வழக்கா, வாயின் கடுமையா என்று விசாரிக்கிறவர் அறிந்துகொள்வார். நினைவில்லாத வார்த்தையைப் புனைந்து மேற்கோளுக்குள் வைக்கவும் கூடாது. "ஏறக்குறைய இவ்விதமாக" என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மீண்டும் மீண்டும் நடக்கிறது என்று காட்ட எத்தனை சம்பவங்கள் வேண்டும்? ஒன்று இருந்தால், அது அந்த நாளின் களைப்பாயிருக்கலாம். அதற்காக மேலிடத்துக்கு எழுத வேண்டாம். பன்னிரண்டு எழுதினால், கணக்கு வைத்துக்கொண்டே இருந்தவரின் கடிதமாகத் தோன்றும். சமீப மாதங்களில் நடந்த மூன்று போதும். மற்றவர்களுக்கு நடந்ததை அவர்கள் சம்மதமின்றி உங்கள் கடிதத்தில் சேர்க்காதீர்கள். அவர்கள் தாங்களே எழுதட்டும். கையெழுத்துச் சேகரிப்பதும் வேண்டாம். 40 கையெழுத்தோடு வருகிற கடிதம் சபைக்குள் ஒரு கட்சி உண்டாகிவிட்டதையே மேலிடத்திற்கு முதலாவது சொல்லும். அதன்பின் விசாரணை கட்சியைப் பற்றியே நடக்கும். அருகில் நின்று கேட்ட இருவர் தாங்கள் கேட்டதைத் தனித்தனியே நான்கு வரி எழுதிக் கொடுத்தால், பவுல் சொன்ன எண்ணிக்கை நிறைவேறிற்று.

மொட்டைக் கடிதம் ஒருபோதும் வேண்டாம். கொரிந்து சபையின் வாக்குவாதங்களை அறிவித்தவர்கள் யார் என்பதைப் பவுல் மறைக்கவில்லை. குலோவேயாளின் வீட்டார் என்று பெயரோடு எழுதினார் (1 கொரிந்தியர் 1:11). பெயரில்லாத கடிதங்கள் என்னிடமும் வந்தன. அவற்றில் சில உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் யாரிடம் போய் விளக்கம் கேட்பேன்?

இனி, யாருக்கு எழுதுவது? அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளானால் முதலாவது செக்‌ஷன் பிரஸ்பிட்டர். அவருக்கு மேல் டிஸ்ட்ரிக்ட் சூப்பரிண்டென்டெண்ட். பெந்தெகொஸ்தே மிஷன் சபைகளில் சென்டர் பாஸ்டர். படியைத் தாண்டி நேரே உச்சிக்கு எழுதினால், கடிதம் பெரும்பாலும் கீழே திரும்பி வரும். வரும்போது "என்னிடம் ஏன் சொல்லவில்லை" என்ற மனத்தாங்கலையும் சேர்த்துக்கொண்டு வரும். ஒரு மாதம் காத்திருந்து, ஒரு முறை நினைவூட்டி, அதன்பின் அடுத்த படிக்கு எழுதலாம். தனிச் சபைகளிலே நிலைமை கடினம். டிரஸ்டாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் டிரஸ்டிகளுக்கு எழுதலாம்; அவர்கள் போதகரின் மனைவியும் மைத்துனருமாகவே இருந்தால், அவர் மதிக்கிற ஒரு மூத்த ஊழியரிடம் போவதைத் தவிர வேறே வழி இல்லை. அவருக்குக் கட்டளையிட அதிகாரம் கிடையாது. அதை முன்னமே அறிந்துகொண்டு போங்கள்.

கடிதம் போகவேண்டிய இடத்துக்கு மாத்திரம் போகட்டும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, பின்பு பிரஸ்பிட்டருக்கு அனுப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இது ஆவிக்குரிய காரியம் மாத்திரம் அல்ல. அவதூறு பற்றிய சட்டம், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவாயிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாயிருக்கிறது. ஒருவர்மேல் அந்தக் காரியத்தில் சட்டப்படி அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிற குற்றச்சாட்டை அது அவதூறாக எண்ணுவதில்லை. 200 பேர் இருக்கிற குழுவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. போதகருக்கும் ஒரு நகல் கொடுப்பது நலம் என்பது என் கருத்து. வேறுவிதமாக எண்ணுகிற மூத்த ஊழியர்களும் உண்டு. நகல் கண்டவுடன் பிரசங்க பீடத்திலிருந்து பதில் வந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். உங்கள் போதகரை நீங்களே அறிவீர்கள். எப்படியாயினும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இவையெல்லாம் கடுஞ்சொல்லுக்கு உரிய முறை மாத்திரமே. கைநீட்டி அடித்தது, பெண்களிடம் தவறாக நடந்தது, சிறுபிள்ளைகள் சம்பந்தப்பட்டது ஆகிய காரியங்களைப் பிரஸ்பிட்டரின் மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும். அங்கே இரண்டு முறை தனியாகப் போய்ப் பேசுகிற படிகளும் இல்லை.

அந்தச் சகோதரரின் கடிதத்தில் கடைசியாக ஒரு வேண்டுகோள் இருந்தது. முதற்கடிதத்தில் போதகரை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டாவதில், "தாங்கள் இருதரப்பையும் கேட்க வேண்டும், ஐயா என் தாயாரை ஒரு முறை வந்து சந்திக்க வேண்டும்" என்று மாத்திரம் கேட்டார். மாற்றம் என் கையில் இல்லாதது. சந்திப்பு அந்த வாரமே நடக்கக்கூடியது. செய்யக்கூடியதைக் கேட்டால், செய்யாமல் தட்டிக்கழிப்பது மேலிடத்திற்கும் கடினம்.

நான் கடிதத்தோடு போதகரிடம் போனேன். அவர் முதல் இரண்டு சம்பவங்களையும் வாசித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இதை நான் சொன்னேன், பாஸ்டர்" என்றார். மூன்றாவதை மறுத்தார். வாசலில் நின்ற சகோதரரை நான் தனியே கேட்டபோது, "காது கேளாவிட்டால் வீட்டில் இருந்தே ஜெபிக்கலாமே என்றார்; முன்வரிசையில் உட்காரலாம் என்றும் சொன்னார்" என்றார். ஆக, தாயாரின் காதில் விழுந்ததும் சொல்லப்பட்டதும் ஒன்றாயில்லை. மகன் அந்த வார்த்தையைத் தானே கேட்டதாக எழுதியிருந்தால், முழுக் கடிதமும் அந்த இடத்தில் கவிழ்ந்திருக்கும். "நான் அருகில் இல்லை" என்ற மூன்று சொற்களே அதை நிறுத்தின.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் என்னைக் குறித்தும் ஒரு கடிதம் மேலிடத்துக்குப் போயிற்று. அதில் என்னைத் திட்டியிருந்த வரிகள் எல்லாம் மறந்துபோயின. ஒரு தேதியும், அந்த நாளில் ஒரு வாலிபனிடம் நான் சொன்ன ஒரு வாக்கியமும் மாத்திரம் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. திட்டுக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த வாக்கியத்துக்கு இல்லை.

மறு செவ்வாய்க்கிழமை மாலை போதகரும் அவர் மனைவியும் அந்த வீட்டிற்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. போதகர் முற்றிலும் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வாசல் ஊழியர்களிடம் அவர் குரல் உயருகிறது என்று அதன்பின்பும் ஒருமுறை கேள்விப்பட்டேன். கடிதமும் அவருடைய பதிலும் கோப்பில் இருக்கின்றன. அடுத்த பிராது வந்தால் விசாரணை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரண்டு ஞாயிறுகளுக்குப் பின் அந்தத் தாயார் ஆராதனைக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்திலே, இரண்டாம் வரிசையில், அவருக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது.